கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று: யாழ்ப்பாண மாணவர்களின் ஆய்வுக்குக் கேள்வி பதில்

குடிநீரில் சோதிக்க எத்தனையோ இருக்க, ஏன் நைத்திரேற்றைச் சொல்கிறீர்கள்?

யாழ்ப்பாணத்தில் அதுதான் சரியான கேள்வி. தவிர, மலிவான கிற்றால் ஓரளவுக்கு நேர்மையான பதில் கிடைக்கக்கூடிய கேள்வியும் அதுதான். எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுகிறது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் பெரும்பாலும் நிலத்தடித் தண்ணீர்தான். வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். மேலே போடுகிற யூரியாவை மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் நைத்திரேற்றாக மாற்றிவிடும். நைத்திரேற்று மறை ஏற்றம் கொண்டதால் மண் துணிக்கை அதைப் பிடித்து வைப்பதில்லை. தண்ணீர் போகும் வழியே போய்விடும். மலசலகூடக் குழியிலிருந்து இறங்குவதும் கடைசியில் இதே வடிவத்தில்தான் கிணற்றுக்கு வருகிறது.

யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்று விவசாய ஆய்வாளர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். ஆகவே மாணவர்கள் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் உங்கள் ஒழுங்கையில் உள்ள கிணற்றைப் பற்றிச் சொல்லவில்லை. அங்கேதான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

எவ்வளவு இருந்தால் கூடாது?

இலங்கைக் குடிநீர்த் தரநியமம் எஸ்எல்எஸ் 614 சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவும் அதுதான். முதலில் பாதுகாக்க நினைத்தது போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைகளை. அவர்களுடைய உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் செய்துவிடலாம். வளர்ந்தவர் 55 உள்ள தண்ணீரைக் குடித்தால் அன்றே ஏதும் ஆகிவிடாது. அதனால் 50 என்பதைக் கோடாக எடுங்கள், ஆனால் 49 நல்லது, 51 நஞ்சு என்று கதைக்காதீர்கள். எப்படியும் உங்களிடம் இருக்கும் கிற்றுக்கு 49க்கும் 51க்கும் வித்தியாசம் தெரியாது.

எந்தக் கிற் வாங்கலாம்? சோதனைப் பட்டியா, மீன் தொட்டிக்காரர் பாவிக்கும் சொட்டுக் கிற்றா?

இரண்டுமே ஒரே இரசாயனத்தில்தான் ஓடுகின்றன. நைத்திரேற்றை நைத்திரைற்றாக்கி, அதைச் சாயமாக்கி, பட்டியில் இளஞ்சிவப்பிலிருந்தும் சொட்டுக் கிற்றில் மஞ்சளிலிருந்தும் கடுஞ்சிவப்பு வரை நிறம் வரச் செய்வது. பட்டி கெதியானது. தோய்த்து, உதறி, பெட்டியில் சொன்ன நேரம் (பெரும்பாலும் ஒரு நிமிடம்) பொறுத்து, நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். வழமையாக அட்டையில் 0, 10, 25, 50, 100, 250, 500 என்று கட்டங்கள் இருக்கும். சொட்டுக் கிற்றில் சின்ன ரியூப்பில் தண்ணீர் எடுத்து, இரண்டு போத்தல்களிலிருந்து சொட்டு விட்டு, குலுக்கி, சில நிமிடம் காத்திருக்க வேண்டும்.

முதலில் பட்டியால் கிணறுகளைத் தரம்பிரித்து, கோட்டுக்குக் கிட்ட நிற்பவற்றை மட்டும் சொட்டுக் கிற்றால் பார்ப்பது என் விருப்பம். காசும் மிச்சம், பொறுமையும் மிச்சம்.

வாங்கும்போது பெட்டியில் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று காலாவதித் திகதி. மற்றது அலகு. அலகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

பெட்டியில் NO3-N என்று போட்டிருக்கிறது. அதுவும் நைத்திரேற்றுத்தானே?

அதேதான், ஆனால் எண் வேறு. NO3 என்றால் முழு நைத்திரேற்று அயனின் நிறை. NO3-N என்றால் அதற்குள் இருக்கும் நைதரசனின் நிறை மட்டும். NO3-N எண்ணை 4.43 ஆல் பெருக்கினால் NO3 வரும். 50 மில்லிகிராம் NO3 என்பது 11.3 மில்லிகிராம் NO3-N.

பட்டியில் 20 என்று வந்து, அந்தப் பெட்டி NO3-N அலகில் இருந்தால், உண்மையில் அது 89. கோட்டுக்கு நன்றாக மேலே. கவனிக்காதவர் "20தான், பயமில்லை" என்று எழுதிவிடுவார். மாணவர் அறிக்கைகளை வாசிக்கும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான். கண்காட்சியில் தொங்கும் வடிவான வரைபடங்களில்கூட அலகு எழுதாத அச்சைப் பார்த்திருக்கிறேன். குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே கிற்றின் அலகை எழுதி, எல்லா முடிவுகளையும் NO3 ஆக மாற்றியே அட்டவணையில் போடுங்கள்.

கிற் சரியாகத்தான் காட்டுகிறது என்று எப்படித் தெரியும்?

விடை தெரிந்த தண்ணீரை அதற்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும். உயர்தர இரசாயன ஆய்வுகூடம் இருக்கும் பாடசாலையில் இது பின்னேர வேலை.

பொற்றாசியம் நைத்திரேற்று 1.63 கிராம் நிறுத்து, காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லீற்றராக்குங்கள். அதில் லீற்றருக்கு 1000 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கும். இதில் 5 மில்லிலீற்றர் எடுத்து 100 மில்லிலீற்றராக ஐதாக்கினால் 50. 2.5 மில்லிலீற்றர் எடுத்தால் 25. தாய்க் கரைசலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். 50ஐயும் 25ஐயும் அன்றன்று புதிதாகச் செய்யுங்கள். போத்தலில் "குடிக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் பார்க்க அது வெறும் தண்ணீர்தான்.

ஒவ்வொரு சோதனை நாளும் இரண்டு சோதனை முன்னால் நடக்க வேண்டும்: காய்ச்சி வடித்த நீர், 50 நியமக் கரைசல். முதலாவது 0 காட்ட வேண்டும், இரண்டாவது 50 காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அன்றைக்குக் கிணறு எதையும் சோதிக்காதீர்கள், முதலில் காரணத்தைத் தேடுங்கள்.

பட்டி 50க்கு 10 அல்லது 25 காட்டினால் ஈரம் பிடித்திருக்கலாம். மாரிக் காற்றில் மூடியைத் திறந்து வைப்பது, ஈரக் கையால் பட்டியை எடுப்பது, போத்தலுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைக் குப்பை என்று எறிவது, எல்லாம் பட்டியைக் கொல்லும். சொட்டுக் கிற் குறைத்துக் காட்டினால் பெரும்பாலும் குலுக்கல் போதவில்லை. நைத்திரேற்றை மாற்றும் உலோகத் தூள் போத்தலின் அடியில் படிந்து இறுகிக் கிடக்கும். தாளில் அரை நிமிடம் குலுக்கச் சொன்னால், அரை நிமிடம் மணிக்கூட்டைப் பார்த்து, பலமாகக் குலுக்க வேண்டும். இந்தத் தவறு எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்: கெட்ட கிணற்றை நல்ல கிணறாகக் காட்டும். 50 நியமக் கரைசல் மட்டுமே இதைப் பிடித்துத் தரும்.

காய்ச்சி வடித்த நீருக்குப் பதிலாகக் கடைப் போத்தல் தண்ணீர் பாவிக்கலாமா?

சிலவற்றில் நைத்திரேற்று இருக்கும். பற்றரிக்கு விடும் தண்ணீர் பொதுவாக நல்லது. எதுவானாலும் முதலில் பட்டியைத் தோய்த்து 0 வருகிறதா என்று பாருங்கள்.

எத்தனை கிணறு எடுக்க வேண்டும்?

குடாநாடு முழுவதையும் வரைபடமாக்க வெளிக்கிடாதீர்கள். வலிகாமத்தில் நான்கு, தென்மராட்சியில் மூன்று, ஊர்காவற்றுறையில் இரண்டு என்று எடுத்தால், ஒன்றுக்கும் பதில் கிடைக்காது. மண் வேறு, பயிர் வேறு, கடலின் தூரம் வேறு. வித்தியாசம் வந்தால் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

ஒரே ஊர், ஒரே மண், பத்துப் பன்னிரண்டு கிணறு. பாதி தோட்டக் கிணறு, பாதி வீட்டுக் கிணறு. கேள்வியையும் கிற்றின் பலத்துக்கு ஏற்றபடி வையுங்கள். "எத்தனை மில்லிகிராம்?" என்ற கேள்விக்குப் பட்டி பதில் சொல்லாது. "எத்தனை கிணறு 50க்கு மேல், எத்தனை கீழ், நடுவில் சந்தேகமாக எத்தனை?" என்றால் சொல்லும்.

தண்ணீரை எப்படி எடுப்பது? வாளியால் அள்ளினால் காணாதா?

அள்ளலாம், ஆனால் எல்லாக் கிணற்றிலும் ஒரே மாதிரி அள்ள வேண்டும். மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் ஒன்றல்ல. புத்தூர் நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்பது ஊரறிந்த கதை. சாதாரணக் கிணற்றில் அவ்வளவு இராது, ஆனாலும் இருக்கும். மோட்டர் இருந்தால் சில நிமிடம் ஓடவிட்டு, தாங்கிக்குப் போக முன்னுள்ள பைப்பில் எடுங்கள். தாங்கித் தண்ணீர் நேற்றையதாக இருக்கலாம். வாளி என்றால் வீட்டுக்காரரின் வாளியையே கிணற்றுத் தண்ணீரால் மூன்று முறை அலசி அள்ளுங்கள். போத்தலையும் அதே தண்ணீரால் மூன்று முறை அலசுங்கள். உரம் கரைத்த வாளி ஒன்று கிணத்தடியில் கிடந்தால், அது எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் தொடாதீர்கள்.

பட்டியைக் கிணத்தடியிலேயே பார்த்துவிடலாம். போத்தலைப் பாடசாலைக்குக் கொண்டுபோனால் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சோதியுங்கள். வெயிலில் கிடக்கும் போத்தலில் நுண்ணுயிர்கள் நைத்திரேற்றை மாற்றிவிடும்.

அதோடு ஒரு தாளில் குறிப்பு: கிணற்றுக் கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் எத்தனை மீற்றர் (நூலில் கல்லைக் கட்டி இறக்கினால் காணும்), மலசலகூடக் குழி எத்தனை அடி தள்ளி, பக்கத்தில் என்ன பயிர், கடைசியாக உரம் போட்டது எப்போது, கடந்த மூன்று நாளில் மழை பெய்ததா. இந்தத் தாள் இல்லாவிட்டால் பட்டியின் நிறம் வெறும் நிறம்தான்.

ஒரு கிணற்றை முழுக்கச் செய்து காட்டுங்களேன்.

ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். வலிகாமத்தில் வெங்காயத் தோட்டக் கிணறு ஒன்று, அதே ஒழுங்கையில் வீட்டுக் கிணறு ஒன்று. எண்கள் விளக்கத்துக்கு நான் வைப்பவை. நீங்கள் கிணத்தடியில் சந்திக்கப்போவதும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

காலையில் முதலில் காய்ச்சி வடித்த நீர்: 0. நியமக் கரைசல்: 50. சரி, தொடங்கலாம்.

தோட்டக் கிணற்றுக்கு மூன்று பட்டி, மூன்று மாணவர். ஒருவர் வாசித்ததை மற்றவர் கேட்கக் கூடாது. ஒவ்வொருவரும் தாளில் எழுதி மடித்துத் தர வேண்டும். கிணத்தடியில் "எனக்கு 100 போல இருக்கு" என்று ஒருவர் சொன்னால், மற்ற இருவருக்கும் அது 100 ஆகத்தான் தெரியும். வாசிப்பது நிழலில், வெள்ளைத் தாளின் மேல் வைத்து. தாள்களை விரித்தால் 100, 100, "50க்கும் 100க்கும் நடுவில்". அதே பட்டியிலுள்ள நைத்திரைற்றுக் கட்டம் 0. இதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் தண்ணீரில் ஏற்கனவே நைத்திரைற்று இருந்தால் நைத்திரேற்றுக் கட்டம் கூட்டிக் காட்டும்.

இப்போது 100 என்பதை நம்பலாமா? 50க்கும் 100க்கும் இடையில் சிவப்பு எவ்வளவு கூடியது என்று கண்ணால் சொல்வது கடினம். எனவே ஐதாக்குகிறோம். ஊசி இல்லாத மருந்துச் சிறிஞ்சால் கிணற்றுத் தண்ணீர் 10 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 30 மில்லிலீற்றர். நான்கு மடங்கு. பட்டி 25 காட்டுகிறது. 25ஐ 4 ஆல் பெருக்கினால் 100. இரண்டு வழியும் ஒத்துப்போகின்றன. அட்டவணையில் "50க்கு மேல், 100 அளவில்" என்று எழுதுகிறோம். ஐதாக்கிய தண்ணீர் 10 காட்டியிருந்தால் 40 ஆகியிருக்கும், முதல் வாசிப்போடு மோதும். அப்போது இரண்டையும் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

வீட்டுக் கிணறு சிக்கலானது. மூவரும் "25க்கும் 50க்கும் நடுவில்". குடிக்கும் கிணறு, கோட்டுக்குக் கிட்ட நிற்கிறது. இங்கே சொட்டுக் கிற்றுக்கு வேலை வருகிறது. ஆனால் அதை நேரடியாகப் போடக் கூடாது. அந்தக் கிற்றில் 40க்கும் 80க்கும் நிறம் ஏறக்குறைய ஒரே சிவப்பு. 5க்கும் 20க்கும் இடையில்தான் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் வடிவாகப் பிரியும். எனவே ஐந்து மடங்கு ஐதாக்கி அந்தப் பகுதிக்குள் கொண்டுவருகிறோம்: கிணற்றுத் தண்ணீர் 2 மில்லிலீற்றர், காய்ச்சி வடித்த நீர் 8. பக்கத்தில் 50 நியமக் கரைசலையும் இதேபோல் ஐதாக்கி இன்னொரு ரியூப்பில். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே அளவு குலுக்கி, வெள்ளைத் தாளின் முன் பிடித்தால், அட்டையே தேவையில்லை. கிணறு நியமத்தைவிட வெளிறியிருந்தால் 50க்குக் கீழ். கடுமையாக இருந்தால் மேல். ஒரேமாதிரித் தெரிந்தால் "கோட்டில் நிற்கிறது" என்று எழுதிவிட்டு, ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டிய பட்டியலில் சேர்த்துவிடுங்கள். இந்த வீட்டுக் கிணறு கொஞ்சம் வெளிறித் தெரிந்தது என்று வைப்போம். "50க்குக் கீழ், ஆனால் 25க்கு மேல்." அவ்வளவுதான் எங்களால் சொல்ல முடியும். 38 என்று எழுதுபவர் எங்கிருந்தோ ஒரு எண்ணை எடுத்து வைக்கிறார்.

கைபேசியால் படம் எடுத்து நிறத்தை அளக்கலாமா?

படத்தைச் சாட்சியாக வையுங்கள், அளவீடாக எடுக்காதீர்கள். கமரா வெளிச்சத்துக்கு ஏற்றபடி நிறத்தைத் தானாகவே மாற்றும். எடுப்பதென்றால் பட்டியும் நிற அட்டையும் நியமக் கரைசலில் தோய்த்த பட்டியும் ஒரே படத்துக்குள் வர வேண்டும்.

எப்போது செய்வது நல்லது?

ஒருமுறை மட்டும் என்றால் எப்போதும் செய்யலாம். இரண்டு முறை என்றால் மாரிக்கு முன், செப்டெம்பர் கடைசியில் ஒன்று, மழை அடங்கிய பின் ஜனவரியில் ஒன்று. நைத்திரேற்று மழையோடு இரண்டு திசையிலும் போகலாம். முதல் மழைகள் கோடை முழுக்க மண்ணில் சேர்ந்ததைக் கழுவிக் கீழே இறக்கும், அளவு ஏறும். பிறகு மழைத் தண்ணீர் சேரச் சேர ஐதாகும், அளவு இறங்கும். உங்கள் கிணற்றில் எது வென்றது என்பதே ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி.

ஆனால் ஒரு கட்டுப்பாடு. பட்டியில் ஒரு முழுக் கட்டமாவது நகர்ந்தால்தான் மாற்றம் என்று சொல்ல வேண்டும். 25க்கும் 50க்கும் நடுவில் இருந்தது 50க்குக் கிட்ட வந்ததாகத் தோன்றினால், "மாற்றம் தெரியவில்லை" என்பதுதான் முடிவு. இப்படி எழுத மாணவர்களுக்கு மனம் வராது. எழுதப் பழக்குங்கள்.

நைத்திரேற்று தோட்டத்து உரத்திலிருந்து வந்ததா, மலசலகூடக் குழியிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியுமா?

கிற்றால் முடியாது. இதற்கு நைதரசனின் சமதானிகளை அளக்க வேண்டும். அது பெரிய ஆய்வுகூடத்து வேலை.

குளோரைட்டைக் கூட அளந்தால் தெரியும் என்று சில செய்முறைத் தாள்கள் சொல்லும். மனிதக் கழிவில் உப்பு இருக்கிறது, ஆகவே நைத்திரேற்றும் குளோரைட்டும் சேர்ந்து ஏறினால் குழி, நைத்திரேற்று மட்டும் ஏறினால் உரம் என்பது வாதம். எங்கள் ஊருக்கு இது சரிவராது. ஒன்று, சுற்றிக் கடல், உவர் எங்கிருந்தும் வரும். மற்றது, தோட்டத்துக்குப் போடும் பொட்டாசு உரம் பெரும்பாலும் பொற்றாசியம் குளோரைட்டு. அதாவது தோட்டக்காரரும் குளோரைட்டைத்தான் கொட்டுகிறார்.

நீங்கள் செய்யக்கூடியது தூரத்தோடு ஒப்பிடுவது. குழி கிட்ட இருக்கும் வீட்டுக் கிணறுகளும் தள்ளியிருப்பவையும் எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள். அதுவும் சான்று அல்ல, குறிப்பு மட்டுமே. சுண்ணாம்புக்கல் வெடிப்பில் தண்ணீர் நேர்கோட்டில் வருவதில்லை. பத்து மீற்றர் தள்ளியுள்ள குழி ஒன்றும் செய்யாமல் இருக்க, அடுத்த வளவுக் குழி நேராக வந்து சேரலாம்.

தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தானே குடிக்கிறோம்?

கிருமிக்கு அது நல்லது. நைத்திரேற்றுக்கு ஒன்றும் செய்யாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும் என்பதால், நெடுநேரம் கொதித்தால் அளவு கொஞ்சம் கூடும். குளோரீன் போட்டாலும் போகாது, மண் வடியாலும் போகாது. மாணவர்களுக்கு இது நல்ல சிறு பரிசோதனை: 50 நியமக் கரைசல் 400 மில்லிலீற்றரை 200 ஆகும்வரை கொதிக்கவிட்டு, ஆறியபின் பட்டியைத் தோய்க்கட்டும். 100 கட்டம் வரும். பத்துச் சுவரொட்டியைவிட இது விளங்க வைக்கும். எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் ஓடும் வடிகட்டி நைத்திரேற்றைக் குறைக்கும். அது இருக்கும் வீட்டில் முன்னும் பின்னும் சோதித்துப் பார்க்கலாம்.

கேத்திலில் வெள்ளையாகப் படிகிறதே, அதைப் பற்றி ஆய்வு செய்யலாமா?

அது கல்சியம் காபனேற்று, சுண்ணாம்புக்கல்லின் சீதனம். பொறுமையைச் சோதிக்கும், ஆனால் உலக சுகாதார நிறுவனம் வன்மைக்குச் சுகாதார எல்லை எதுவும் வைக்கவில்லை. விடையும் முன்கூட்டியே தெரியும்: எல்லாக் கிணறும் வன்மை.

கிருமி, எண்ணெய், பூச்சிநாசினி எல்லாம் கிற்றில் தெரியுமா?

கிருமிக்கு ஐதரசன் சல்பைட்டுப் போத்தல் இருக்கிறது. தண்ணீரை ஊற்றி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலத் தொற்று இருக்கும்போது கறுக்கும். சல்பைட்டு ஏற்கனவே உள்ள தண்ணீரும் கறுக்கும் என்பதை மறக்க வேண்டாம். கறுத்த போத்தலை ஆசிரியர்தான் வெளிறல் கரைசல் ஊற்றிக் கொல்ல வேண்டும்.

எண்ணெயும் பூச்சிநாசினியும் இந்தக் கிற்றுகளில் தெரியாது. சுன்னாகத்துக் கழிவெண்ணெய் விவகாரத்துக்குப் பிறகு பலரும் இதைக் கேட்கிறார்கள். பட்டி 0 காட்டினால் "தண்ணீர் சுத்தம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள். "நைத்திரேற்று இல்லை" என்று மட்டும் சொல்லுங்கள்.

50க்கு மேல் வந்த வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது?

முதலில் அவருக்குத்தான் சொல்ல வேண்டும், கண்காட்சிச் சுவருக்கு அல்ல. வரைபடத்தில் கிணற்றுக்கு இலக்கம் மட்டும் போடுங்கள், பெயரும் வளவும் வேண்டாம். ஊரில் கிணறு கெட்டது என்ற கதை கலியாணப் பேச்சு வரைக்கும் போகும்.

சொல்லும் விதம்: "இது பட்டிச் சோதனை, முடிவான சோதனை அல்ல. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை போன்ற ஓர் ஆய்வுகூடத்தில் ஒருமுறை பார்ப்பது நல்லது." வீட்டில் போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் அந்த முடிவு வரும்வரை காத்திருக்கக் கூடாது. பால் கரைக்க வேறு தண்ணீர் எடுக்கச் சொல்லி, பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் ஆசிரியர் மூலம் அறிவியுங்கள்.

தோட்டக்காரர் ஏன் எங்களோடு ஒத்துழைக்க வேண்டும்? குற்றம் சொல்ல வந்திருக்கிறோம் என்றுதானே நினைப்பார்?

நினைப்பார். அவருக்குப் பயன்படும் ஒரு கணக்கோடு போங்கள். 100 மில்லிகிராம் நைத்திரேற்று உள்ள கிணறு என்றால், அந்தத் தண்ணீரே உரம். ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். ஒரு இறைப்பில் 25 மில்லிமீற்றர் தண்ணீர் நின்றால் 6300 லீற்றர். லீற்றருக்கு 22.6 மில்லிகிராம் நைதரசன் என்றால் மொத்தம் 142 கிராம். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன், ஆகவே ஒரு பரப்புக்கு ஒரு இறைப்பில் சுமார் 300 கிராம் யூரியா சும்மா விழுகிறது. பயிர் முடியுமுன் பதினைந்து தடவை இறைத்தால் நாலரைக் கிலோ. எல்லாமே வேருக்குக் கிடைக்காது, ஒரு பகுதி திரும்பவும் கிணற்றுக்கே போய்விடும். ஆனாலும் யூரியா விலை தெரிந்தவர் இந்தக் கணக்கை இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்பார். எவ்வளவு குறைக்கலாம் என்பதை மாணவர் சொல்லக் கூடாது, அது விவசாயப் போதனாசிரியரோடு கதைத்து முடிவெடுக்க வேண்டியது.

சோதித்து முடிந்த கரைசலை எங்கே ஊற்றுவது?

கிணத்தடியில் ஊற்றவே வேண்டாம். சொட்டுக் கிற்றில் அமிலமும் உலோகத் தூளும் இருக்கிறது. மூடியுள்ள பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றில் சேர்த்து, பெயர் எழுதி, ஆய்வுகூடப் பொறுப்பாசிரியரிடம் கொடுங்கள். சொட்டு விடும்போது கண்ணாடியும் கையுறையும் போட வேண்டும். பாவித்த பட்டிகளை ஒரு பையில் போட்டுக் குப்பைக்கு அனுப்பலாம், வேலியோரத்தில் விட்டுவிட்டு வராதீர்கள்.